240 போய் 180 வந்தது: புது ஈ.எல். விதியைத் தொழிலாளர்களுக்கு விளக்குவது எப்படி

தொழிற்சாலை எச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே கேள்விகளை வாங்கிக்கட்டிக்கொள்ளும் சூப்பர்வைசர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு, அதாவது நாம் ஈ.எல். என்று சொல்வது, இதுவரை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவில் இருந்தது. இப்போது புதுத் தொகுப்பின் 32ஆம் பிரிவுக்கு வந்திருக்கிறது. இந்த விதியில் முழுதாக ஓடும் முதல் காலண்டர் ஆண்டு 2026.

மாற்றத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஈ.எல். கிடைக்க ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று இருந்தது, 180 நாள் போதும் என்று ஆகியிருக்கிறது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்ற விகிதம் அப்படியே இருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் இந்த ஒரு வரியில்தான். நோட்டீஸ் போர்டில் "180" என்ற எண்ணைப் பார்த்ததும் பாதிப்பேர் விடுப்பு கூடிவிட்டது என்று நினைப்பார்கள். சிலர் 180 நாள் முடிந்ததும் வேலை நிரந்தரம் என்றுகூடப் பேசிக்கொள்வார்கள். ஆகவே விதியைப் படித்துக் காட்டுவதைவிட, ஆட்களின் கணக்கைப் போட்டுக் காட்டுவதுதான் நல்லது.

முதலில் வருகைப் பதிவை எடுங்கள்

நோட்டீஸ் எழுத உட்காரும் முன், சென்ற ஆண்டின் வருகைப் பதிவை எக்செலில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் பழைய விதிப்படி எத்தனை நாள், புது விதிப்படி எத்தனை நாள் என்று இரண்டு பத்தியில் கணக்கிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும். வித்தியாசம் வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் உங்கள் உதாரணங்கள் தானாகக் கிடைத்துவிடும்: நீண்ட நாள் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர், பிரசவ விடுப்பு எடுத்தவர், ஆண்டு நடுவில் சேர்ந்தவர், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்.

கூடவே இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்று, உங்கள் நிலையாணையிலோ யூனியன் ஒப்பந்தத்திலோ சட்டத்தைவிட அதிக விடுப்பு இருந்தால் அதைக் குறைக்க இந்த மாற்றத்தைச் சாக்காகச் சொல்லக் கூடாது. இரண்டு, மாநில அரசின் விதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, விண்ணப்பப் படிவம் போன்றவற்றை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. இந்தப் பிரிவு "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத்தான். மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வைப் பணியாளர்களும் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்குக் கம்பெனி விதிதான். கூட்டத்தில் நின்று விளக்கும் சூப்பர்வைசரே இதில் இல்லாமல் இருக்கலாம். அதை முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், பத்துப் பேர் நடுவில் அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மாறாதவர்களின் கணக்கை முதலில் சொல்லுங்கள்

இதைத்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். புதிதாகப் பலன் பெறுகிறவரின் கதையை முதலில் சொன்னால், கேட்கிற நூறு பேரும் தமக்கும் அது வரும் என்று எதிர்பார்த்துவிடுவார்கள்.

வாரம் ஆறு நாள் ஓடும் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 52 ஞாயிறு போகும். தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறை குறைந்தது 9 நாள். மீதி வேலை நாள் ஏறக்குறைய 304. ஒழுங்காக வருகிற ஒரு நிரந்தரத் தொழிலாளி 281 நாள் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 281ஐ 20ஆல் வகுத்தால் 14.05. அரை நாளுக்குக் குறைவான பின்னம் விட்டுப்போகும், ஆகவே 14 நாள். பழைய விதியிலும் 14, புதியதிலும் 14. "வழக்கமாக வருகிறவர்களுக்கு எண்ணிக்கை மாறாது" என்பதே நோட்டீஸின் முதல் வரியாக இருக்கட்டும். கொஞ்சம் முணுமுணுப்பு வரும், வரட்டும். டிசம்பரில் வரும் சண்டையைவிட அது எவ்வளவோ மேல்.

தகுதி நாள் வேறு, விடுப்பு சேரும் நாள் வேறு

விதியில் உண்மையிலேயே குழப்பமான இடம் இதுதான். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை வேகமாகத் தாண்டிவிடலாம்.

180 நாள் ஆயிற்றா என்று பார்க்கும்போது, வேலை செய்த நாளோடு லே-ஆஃப் நாள், பிரசவ விடுப்பு நாள், அந்த ஆண்டில் எடுத்த ஈ.எல். நாள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் 20 நாளுக்கு ஒன்று என்று விடுப்பைக் கணக்கிடும்போது இந்த நாட்கள் சேராது, வேலை செய்த நாள் மட்டும்தான். 180 என்பது வாசல்படி மாதிரி. தாண்டி உள்ளே வரும் வரைக்கும்தான் அதற்கு வேலை. உள்ளே என்ன கிடைக்கும் என்பதை உழைத்த நாள் தீர்மானிக்கும்.

ஒரு முழுக் கணக்கைப் பார்ப்போம். பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு முதுகுவலி. மருத்துவர் சான்றிதழோடு மூன்று மாதம் ஈ.எஸ்.ஐ. விடுப்பில் இருந்தார், அதில் 75 வேலை நாள் போயிற்று. முந்தைய ஆண்டின் ஈ.எல்.லில் 12 நாள் எடுத்தார். சி.எல்.லும் சம்பளமில்லா விடுப்புமாக இன்னொரு 12 நாள். 304இல் இந்த 99ஐக் கழித்தால் அவர் வேலை செய்தது 205 நாள்.

பழைய விதியில் தகுதிக்கு 205உடன் ஈ.எல். 12ஐச் சேர்த்தால் 217. இது 240ஐத் தொடவில்லை, ஆகவே அந்த ஆண்டுக்கு அவருக்கு ஒரு நாள்கூடச் சேராது. நோயில் கிடந்தவருக்கு அடுத்த ஆண்டும் விடுப்பு இல்லை என்பது பழைய விதியின் கொடுமைகளில் ஒன்று. புது விதியில் அதே 217, 180ஐத் தாண்டிவிட்டது. விடுப்புக் கணக்கு 205க்கு மட்டும்: 20ஆல் வகுத்தால் 10.25, ஆக 10 நாள்.

இந்தக் கணக்கை வெள்ளைப் பலகையில் எழுதும்போது இரண்டு வரியாக எழுதுங்கள். மேல் வரியில் "தகுதி: 205 + 12 = 217". கீழ் வரியில் "விடுப்பு: 205 ÷ 20 = 10". இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் 217ஐ 20ஆல் வகுத்துக்கொண்டு யாராவது பதினோரு நாள் கேட்டு வருவார், அவர் மேல் தப்பில்லை.

இதே இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்.

"சார், ஈ.எஸ்.ஐ. லீவு 75 நாளும் தகுதியில சேராதா?"

சேராது. சட்டம் சொல்லும் பட்டியலில் நோய் விடுப்பு இல்லை. கம்பெனி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை. சேர்க்கப்போவதில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பார்க்கிறோம்" என்ற பதில் ஷாப் ஃப்ளோரில் "சரி" என்று பரவிவிடும்.

பிரசவ விடுப்பு: வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம்

அசெம்ப்ளி லைனில் ஒரு பெண் 2026 ஜனவரி 5 முதல் 26 வாரம் பிரசவ விடுப்பில் இருக்கிறார். ஜூலை 6 திங்கட்கிழமை திரும்பி வருகிறார். அதற்கப்புறம் டிசம்பர் வரை 138 நாள் வேலை செய்கிறார்.

பழைய சட்டத்தில் பிரசவ விடுப்பில் 12 வாரத்தை மட்டுமே தகுதிக்கு எடுத்துக்கொள்ள முடியும். பிரசவ விடுப்பு 2017இல் 26 வாரமாகக் கூடிய பிறகும் தொழிற்சாலைகள் சட்டத்தில் 12 வாரம் அப்படியே நின்றுவிட்டது. 84உடன் 138ஐக் கூட்டினால் 222. தகுதி இல்லை, விடுப்பு பூஜ்யம். புது விதியில் 26 வாரமும் தகுதிக்கு வரும்: 182உடன் 138, மொத்தம் 320. விடுப்பு 138க்கு மட்டும், 6.9. அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாகும் என்பதால் 7 நாள்.

கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்புகிறவருக்கு இந்த ஏழு நாள் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் கம்பெனியில் உண்மையில் விடுப்பில் இருக்கும் ஒருவரின் தேதிகளை உதாரணமாக எழுதாதீர்கள். பெயர் போடாவிட்டாலும் எந்த லைன், எந்த மாதம் என்று பார்த்தால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஈ.எஸ்.ஐ. கேஸுக்கும் இதே கட்டுப்பாடுதான். தேதியையும் பிரிவையும் மாற்றிப் போடுங்கள்.

நடுவில் சேர்ந்தவர்

ஜனவரி 1 அன்று சேராதவர்களுக்கு 180 பொருந்தாது. சேர்ந்த நாளிலிருந்து டிசம்பர் 31 வரை உள்ள மொத்த நாளில் நான்கில் ஒரு பங்கு வேலை செய்திருந்தால் போதும். முன்பு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

ஜூலை 1 அன்று ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த ஒருவர், நடுவில் நீண்ட நாள் ஊருக்குப் போய்வந்ததால் 118 நாள்தான் வேலை செய்திருக்கிறார். மீதி ஆண்டு 184 நாள். பழைய விதிப்படி 123 நாள் வேண்டும், ஐந்து நாளில் எல்லாம் போயிருக்கும். இப்போது 46 நாள் போதும். 118க்கு 5.9, ஆக 6 நாள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இந்த மாற்றத்தில் பலன் அதிகம். ஆர்டருக்குத் தகுந்தபடி வந்து போகிறவர்கள் என்பதால் 240ஐ எட்டுவது அவர்களில் பலருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. அவர்களுக்கு விடுப்பு கொடுக்க வேண்டியது கான்ட்ராக்டர். ஆகவே விளக்கக் கூட்டத்துக்கு முன் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, அவருடைய மஸ்டர் ரோலில் ஆளுக்கு எத்தனை நாள் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆளை மாற்றி மாற்றிப் பெயர் எழுதும் மஸ்டர் இருந்தால் கணக்கே போட முடியாது. கூட்டத்தில் தமிழோடு இந்தியிலும் பேச ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸும் அப்படியே.

விடுப்புக்கு நடுவே வரும் விடுமுறை

2026இல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. ஒருவர் 14 வெள்ளியும் 17 திங்களும் ஈ.எல். கேட்கிறார். கணக்கில் எத்தனை நாள் கழிப்பது?

இரண்டு. முன்னால், பின்னால், நடுவில் வரும் விடுமுறை எதுவும் ஈ.எல்.லில் கழியாது. இது புதிதும் அல்ல, பழைய சட்டத்திலும் இப்படித்தான். ஆனால் அலுவலக ஊழியர்களுக்கான "சாண்ட்விச்" விதியை, அதாவது நடுவில் வரும் விடுமுறையையும் சேர்த்து நான்கு நாளாகக் கழிப்பதை, ஷாப் ஃப்ளோர் ஆட்களின் ஈ.எல்.லுக்கும் மென்பொருளில் ஏற்றிவைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. புது விதியை அறிவிக்கும் முன் உங்கள் விடுப்பு மென்பொருளில் இந்த உதாரணத்தைப் போட்டுப் பாருங்கள். நான்கு என்று காட்டினால் நோட்டீஸை நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். நோட்டீஸ் ஒன்று சொல்லி திரை வேறொன்று காட்டினால் ஆட்கள் திரையைத்தான் நம்புவார்கள்.

டிசம்பர் 31 அன்று மீதி இருந்தால்

ஒருவர் கையில் 36 நாள் மீதி இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம். மீதி 6 நாள் பழைய சட்டப்படி காலாவதி. இப்போது அந்த 6க்கும் பணம் கேட்டு வாங்கலாம். அதோடு, ஆண்டு முடிவில் விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளத் தொழிலாளி கேட்கலாம் என்றும் புதுச் சட்டம் சொல்கிறது. பொங்கலுக்கு முன் கையில் காசு வரும் வழி என்பதால் இதற்குக் கூட்டம் சேரும். கூட்டத்துக்கு முன்னாலேயே அக்கவுண்ட்ஸ் பிரிவோடு உட்கார்ந்து மூன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும், எந்தச் சம்பளத்தோடு வரும், ஒரு நாளுக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது. கடைசிக் கேள்விக்கு ரூபாயில் ஒரு உதாரணம் கையில் இருக்கட்டும்.

இனி, கேட்டும் கிடைக்காத விடுப்பு. முறையாக விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விடுப்புக்கு 30 நாள் உச்சவரம்பு இல்லை. மேலே சொன்ன 36இல் 4 நாள் அப்படி மறுக்கப்பட்டது என்றால் 34 நாளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், 2 நாளைப் பணமாக்கலாம். இதுவும் பழைய சட்டத்தில் இருந்ததுதான், பெரும்பாலும் ஏட்டளவில். காரணம் எளிது. மறுப்பு எழுத்தில் இருப்பதில்லை. தொழிலாளி லைன் அருகே போய், "அண்ணே, அடுத்த வாரம் மூணு நாள் வேணும்" என்பார். "ஆர்டர் இருக்குப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்பார் சூப்பர்வைசர். சீட்டு எழுதப்படவே இல்லை, ஆகவே டிசம்பரில் மறுத்ததற்கும் சாட்சி இல்லை.

ஆகவே விடுப்புச் சீட்டை மாற்றுங்கள். கேட்ட தேதி, கேட்ட நாள், அனுமதி அல்லது மறுப்பு, மறுப்பு என்றால் காரணம், கையெழுத்து. கீழே கிழித்துக்கொடுக்கும் துண்டு ஒன்று தொழிலாளிக்கு. செயலி வழியாக விண்ணப்பிக்கும் இடமென்றால், மறுத்த விண்ணப்பம் பட்டியலிலிருந்து மறையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சூப்பர்வைசர்களுக்கு இது பிடிக்காது, மறுக்கும் கை கொஞ்சம் தயங்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

விட்டுப் போகிறவர்

கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், அப்புறம் தனியாக வந்து கேட்பார்கள். மார்ச், ஏப்ரலில் வேலையை விடுகிறவருக்கு 180 ஆகியிருக்காது. அவருக்கு ஒன்றும் இல்லையா?

உண்டு. வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும், பணிக்காலத்தில் இறந்துபோனாலும், 180 ஆகாவிட்டாலும், அதுவரை உழைத்த நாளுக்குச் சேர்ந்த விடுப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டில் 90 நாள் வேலை செய்திருந்தால் 4.5, அரை நாள் முழு நாளாகி 5 நாள் சம்பளம். முந்தைய ஆண்டின் மீதி இருந்தால் அதுவும் சேரும். விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ இரண்டு மாதத்துக்குள். நோ-டியூ சான்றிதழுக்காக ஆளை மாதக்கணக்கில் அலையவிடும் வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த இரண்டு நாளை எச்.ஆர். மேசையிலேயே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை நடத்துவது

மூன்று ஷிப்டுக்கும் ஒரே கூட்டம் வைக்காதீர்கள். ஷிப்டு தொடங்கும்போது பதினைந்து நிமிடம், ஒரு முறைக்கு இருபது முப்பது பேர் போதும். 281 கணக்கை முதலில் போடுங்கள், அப்புறம் 205. மற்ற கேஸ்களை அந்தக் குழுவுக்குத் தகுந்தபடி ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் அதிகம் உள்ள லைனில் பிரசவக் கணக்கு, கான்ட்ராக்ட் ஆட்களிடம் நடுவில் சேர்ந்தவர் கணக்கு. எல்லாக் கேஸையும் எல்லோருக்கும் சொன்னால் யாருக்கும் எதுவும் நிற்காது.

புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். பலகையில் ஒரு புதுக் கணக்கை எழுதுங்கள்: வேலை செய்தது 172 நாள், எடுத்த ஈ.எல். 10 நாள். இவருக்கு எத்தனை? யாராவது 9 என்று சொன்னால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது: தகுதி 182, விடுப்பு 8.6, அது 9 ஆகும். "172தானே, கிடைக்காது" என்றால் வாசல்படியில் சறுக்கியிருக்கிறார்கள். "182ஐ இருபதால் வகுக்கணும்" என்றாலும் விடை 9தான் வரும், வழி தப்பு. அதனால் விடையோடு நிற்காமல் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

கடைசியாக, சம்பளச் சீட்டில் மாதாமாதம் இரண்டு எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த ஆண்டு இதுவரை தகுதிக்கு வந்த நாள், இதுவரை வேலை செய்த நாள். ஈ.எல். மீதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இந்த இரண்டும் வந்துவிட்டால் ஜூன், ஜூலையிலேயே தவறு கண்ணில் பட்டுவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் எச்.ஆர். வாசலில் வரிசை நிற்காது.